கோட்டுக்குப் பின்னால் ஒரு சொல்

தாத்தாவின் நினைவு நாளன்று வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தில், இரண்டாம் சரணம் முடிந்த இடத்தில் பாட்டு இரண்டாகப் பிரிந்துபோனது. நாங்கள் தட்டச்சு செய்து பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்த தாள்களைப் பார்த்துப் பாடியவர்கள் பல்லவியின் முதற்சொல்லுக்குப் போனார்கள். தாளைப் பாராமல் பாடிய நான்கைந்து முதியவர்கள் பல்லவியின் நடுச்சொல்லுக்குப் போனார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கேட்டுத் திகைத்து நின்றன. ஆர்மோனியம் சற்று நேரம் தனியாக ஒலித்து அதுவும் நின்றது. கண் மங்கிப்போய்ச் சுவரோரம் நாற்காலியில் அமர்ந்திருந்த அத்தைதான் பேசினார்: "ஏல, எல்லாத்துக்கும் முதல்ல இருந்தா எடுக்கது? கோட்டுக்குப் பின்னால அப்பா ஒரு சொல்லு எழுதியிருப்பாவள்லா, அதுல இருந்துல்லா எடுக்கணும்."

கோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சொல்லை நாங்கள் நீக்கியிருந்தோம். அது தேவையற்றது என்று நினைத்தே நீக்கினோம். பல்லவியையே முழுமையாக எழுதிவிட்ட பிறகு, பல்லவியை நினைவூட்டும் ஒற்றைச் சொல் எதற்கு?

அண்ணன் தம்பி பிள்ளைகளான நாங்கள் மூவரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அத்தையின் கண்தான். தாத்தா திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். இரவல் வாங்கிய கீர்த்தனைப் புத்தகங்களிலிருந்தும், ஊர் ஊராகக் கேட்டவற்றிலிருந்தும் 96 பாடல்களை ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அத்தைக்கு அந்த நோட்டுதான் பாட்டுப் புத்தகம். அதைப் பெரிய எழுத்தில், ஒவ்வொரு வரியும் பாடப்படுகிறபடியே முழுமையாக வரும்படி எழுதிக் கொடுத்தால், மிச்சமிருக்கும் பார்வையைக் கொண்டு அவர் வாசித்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். நோட்டில் இருந்த எழுத்து அவ்வளவு சுருக்கமானது. தாத்தா தாளை மிச்சம் பிடிப்பவர். இருமுறை பாட வேண்டியதை ஒருமுறை எழுதி ஓரத்தில் ஓர் எண் போடுவார். பல்லவியைத் தொடக்கத்தில் மட்டும் எழுதிவிட்டு, ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் ஒரு கோடு இழுத்து ஒரே ஒரு சொல்லை நிறுத்துவார். பாட்டு மடித்து வைத்த வேட்டிபோல அங்கே கிடக்கும்.

இந்த முறை தாத்தாவின் கண்டுபிடிப்பு அன்று. கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகங்களைப் புரட்டியவர்கள் எல்லாரும் கண்டதுதான். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் போன்ற கீர்த்தனை நூல்களிலும் இதைக் காணலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கிறிஸ்தவப் பொருளைப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற வடிவத்தில் பாடியபோது, எழுதும் முறையும் அந்த வடிவத்தோடு சேர்ந்தே வந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

எங்கள் பிழைக்கும் ஒரு வரலாறு உண்டு. தென் மாவட்டத்துத் தேவாலயங்களில் இரண்டு வகைப் பாட்டுகள் பாடப்படுகின்றன. ஒன்று ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளுக்கு எழுதப்பட்ட ஞானப்பாட்டு, அதாவது பாமாலை. மற்றொன்று கீர்த்தனை. பாமாலையில் ஒவ்வொரு செய்யுளும் தன்னளவில் முடிந்துவிடும். அதில் கோரஸ் இருந்தால் அது முதற் செய்யுளுக்குக் கீழே ஒருமுறை அச்சிடப்பட்டிருக்கும். மற்றச் செய்யுள்களுக்குக் கீழும் அதை அப்படியே பெயர்த்து வைத்தால் வேலை முடிந்தது, எதுவும் கெடாது. நாங்கள் பாமாலைகளில் தொடங்கினோம். அந்தப் பழக்கத்திலேயே கீர்த்தனைக்குள்ளும் நுழைந்தோம். சரண முடிவில் கோடு வந்தால் கோட்டையும் சொல்லையும் அழித்துவிட்டுப் பல்லவியை முழுதாக ஒட்டுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, கணினியின் தேடி மாற்றும் வசதியால் ஒரே மாலையில் நாற்பது பாடல்களை விரித்துவிட்டோம். அன்றைக்கு எங்களுக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

என்ன கெட்டது என்பதை ஓர் எடுத்துக்காட்டு இல்லாமல் சொல்ல முடியாது. புழக்கத்தில் இருக்கும் எந்தப் பாட்டையும் இங்கே எடுத்தாளாமல், அந்த அமைப்பை மட்டும் காட்டுவதற்காக நாங்களே சில வரிகளைக் கட்டியிருக்கிறோம். கவிதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாத்தா எழுதியிருந்தால் இது இப்படி இருந்திருக்கும்:

பல்லவி
இன்று விளக்கேற்ற வாரும் – எங்கள் வீட்டில்

சரணங்கள்
1. எண்ணெய் குறைந்தது திரியும் கருகுது – 2
கண்ணும் மங்கிக் கை தடுமாறும் முன்னே – விளக்கேற்ற

2. முற்றம் நெடுக நிழல் நீண்டு படுத்திடச்
சுற்றிலும் இருள் மூடிக் கிடக்கும் – எங்கள்

3. தட்டிய கதவின் ஓசையைக் கேட்டு
எட்டிப் பார்த்துக் காத்திருந்தோம் – இன்று

பெரும்பாலான கீர்த்தனைகளில் எல்லாச் சரணங்களுக்கும் கோட்டுக்குப் பின்னால் வருவது ஒரே சொல்தான். அதனால்தான் நாங்கள் ஏமாந்தோம். நோட்டில் இருந்த சில பாடல்களில் மட்டும் இப்படிச் சரணத்துக்குச் சரணம் சொல் மாறியிருந்தது. மேலே உள்ள மூன்றாம் சரணத்தில் எங்கள் விதி சரியாகவே வேலை செய்யும். "காத்திருந்தோம்" என்று வினை முற்றுப்பெறுகிறது. பல்லவி "இன்று" எனப் புதிதாகத் தொடங்குகிறது. முதற் சரணத்தில் "முன்னே" என்ற சொல் ஒரு வினைக்காகக் காத்து நிற்கிறது. அந்த வினை பல்லவியில்தான் இருக்கிறது. அங்கும் "இன்று" என்பது இடையில் நுழைந்தால் பொருள் பெரிதாகக் கெடுவதில்லை, மெட்டுத்தான் இடறும்.

இரண்டாம் சரணம்தான் எங்களைப் பிடித்துக்கொடுத்தது. எங்கள் விதிப்படி விரித்தால் "சுற்றிலும் இருள் மூடிக் கிடக்கும் இன்று விளக்கேற்ற வாரும் எங்கள் வீட்டில்" என்று வரும். இருள் மூடிக் கிடப்பது எது? இன்றைய நாளா? கோட்டுக்குப் பின்னால் இருந்த சொல்லில் நுழைந்தால் "சுற்றிலும் இருள் மூடிக் கிடக்கும் எங்கள் வீட்டில் இன்று விளக்கேற்ற வாரும்" என்றாகிறது. சரணமும் பல்லவியும் சேர்ந்து ஒரே வாக்கியம். பாட்டை எழுதியவர் அந்த வாக்கியத்தைத்தான் எழுதினார். எச்சம் ஓர் இடத்தில், அது கொள்ளும் பெயர் வேறோர் இடத்தில் என்று பிரித்து வைத்துவிட்டு, இரண்டையும் தைக்கும் ஊசியாகக் கோட்டுக்குப் பின்னால் ஒரு சொல்லை நிறுத்தினார்.

தமிழில் இந்த இடம் வழுக்குவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. "செய்யும்" என்னும் வாய்பாட்டில் வரும் சொல் பெயரெச்சமாகவும் இருக்கும், வினைமுற்றாகவும் இருக்கும், வடிவம் ஒன்றுதான். "இருள் மூடிக் கிடக்கும்" என்பதோடு நிறுத்தினால் அது முற்று. வாக்கியம் முடிந்துவிட்டது என்று கண் நம்பிவிடும். அடுத்து ஒரு பெயர் வந்தால் அதுவே எச்சமாகிவிடும். எனவே கோட்டுக்குப் பின்னால் உள்ள சொல்லை நீக்கிவிட்டுப் படிக்கிற எவருக்கும் அங்கே ஒன்று குறைகிறது என்ற ஐயமே எழாது. மெய்ப்பு பார்த்த நாங்கள் மூவருமே அந்த வரியைப் பலமுறை படித்துக் கடந்திருக்கிறோம். "கிடந்த", "நின்ற" என்று முடிந்திருந்தால் குறை உடனே தெரிந்திருக்கும். ஒற்றைச் சொல்லை நினைவூட்டல் என்று நாங்கள் நினைத்தோம். அது நுழைவாயில்.

கூட்டம் முடிந்த பிறகு நோட்டை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தோம். இம்முறை அத்தை பக்கத்தில் இருந்தார். நாங்கள் சரணத்தின் கடைசி வரியை வாசிப்போம், அவர் அங்கிருந்து பாடிக்காட்டுவார். மிகவும் மெதுவான வேலை. ஒரு மாலைக்கு இரண்டு பாட்டு ஆனால் அதிகம். இடையிடையே அவர் தாத்தாவைப் பற்றியும், அந்தப் பாட்டை முதலில் எந்த வீட்டுத் திருமணத்தில் கேட்டார் என்பதைப் பற்றியும் சொல்லத் தொடங்குவார். நாங்கள் தட்டச்சை நிறுத்திவிடுவோம்.

அப்போதுதான் இன்னொரு சின்ன விஷயம் தெரியவந்தது. சில சரணங்களின் கடைசிச் சொல்லில் காரணமில்லாமல் ஓர் ஒற்று தொங்கிக்கொண்டிருந்தது. "நாடிக்", "தேடிப்" என்பதுபோல. முதல் முறை தட்டச்சு செய்தபோது அவற்றைத் தாத்தாவின் கைப்பிழை என்று கருதி நீக்கியிருந்தோம். நாற்பது ஆண்டுகள் தமிழ் எழுத்துப் போதித்த ஒருவர் அப்படிப் பிழை விடுவாரா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அந்த ஒற்று, கோட்டைத் தாண்டி அடுத்த சொல்லின் முதலெழுத்தோடு சேர்கிற வல்லினம். "தேடிப்" என்று சரணம் முடிந்தால், பாடுகிறவர் பல்லவிக்குள் பகர வரிசையில் தொடங்கும் ஒரு சொல்லில்தான் நுழைகிறார். பல்லவியின் முதற்சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அது நுழைவாயில் அன்று என்பது உறுதி. கோட்டுக்குப் பின்னால் உள்ள சொல் அழிந்துபோன இடங்களில் இந்த ஒற்று பெரிய துணையாக இருந்தது. ஆனால் எதிர்த்திசையில் இதைப் பயன்படுத்த முடியாது. ஒற்று இல்லை என்பதால் அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்கவில்லை என்று சொல்லக் கூடாது. மிகாத இடங்களும் உண்டு. எழுதுகிறவர் விட்டுவிடும் இடங்களும் உண்டு.

இனி அந்த "2". பாட்டுப் புத்தகங்களில் இதைவிட எளிய குறி வேறில்லை. இதைவிட மௌனமான குறியும் வேறில்லை. இருமுறை பாடு என்கிறது. எதை என்று சொல்வதில்லை. அது நிற்கும் வரியையா, வரியின் பின்பாதியையா, அல்லது அதற்கு முந்தைய வரியையும் சேர்த்தா? அடைப்புக்குறி இருந்தால் கவலை இல்லை. தாத்தா அடைப்பின் தொடக்கத்தைப் பல இடங்களில் போடுவதே இல்லை. முடிவை மட்டும் போடுவார். இன்னொன்று, முதற் சரணத்தில் மட்டும் எண்ணைப் போட்டுவிட்டு மற்றவற்றில் விட்டுவிடுவார். பாடுகிறவனுக்கு ஒருமுறை சொன்னால் போதாதா என்ற ஆசிரியரின் எண்ணம். மேலே எங்கள் எடுத்துக்காட்டில் முதற் சரணத்தில் மட்டும் "– 2" இருக்கிறது. அது மூன்று சரணங்களுக்கும் பொது என்று கொள்வதுதான் வழக்கம். மெட்டு ஒன்று என்பதால் அப்படிக் கொள்வதில் பிழை நேர்வது அரிது.

எல்லை எது என்று அறிய நாங்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டோம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. பாட்டின் ஒரு முழு வரி ஓர் ஆவர்த்தனத்தை நிரப்புகிறது, அரை வரிக்கு நான்கு எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். அரை வரியை மட்டும் திரும்பப் பாடினால் மூன்று அரைகள் சேர்ந்து பன்னிரண்டு எண்ணிக்கை ஆகும். அடுத்த வரி ஆவர்த்தனத்தின் நடுவில் தொடங்கும். முழு வரியைத் திரும்பப் பாடினால் பதினாறு. அடுத்த வரி தாளத்தின் தலையில் சரியாக வந்து விழும். கையைத் தட்டிக்கொண்டே எண்ணினால் குழந்தைக்கும் தெரியும். ஆனால் இதை நாங்கள் சட்டமாக்கவில்லை. இரண்டு பாடல்களில் கணக்கு முழு வரி என்றது. அத்தை அரை வரியைத்தான் திரும்பப் பாடினார். மீதி நான்கு எண்ணிக்கைக்குக் கடைசி எழுத்தை நீட்டி நின்று, பிறகு அடுத்த வரியை எடுத்தார். கணக்குக்கு அந்த நீட்டல் தெரியாது.

நோட்டின் முற்பகுதியில் வேறொரு சிக்கல். அங்கே தாத்தா தமிழ் எண்களைப் பயன்படுத்தியிருந்தார். தமிழ் எண்ணில் இரண்டு என்பது ௨. உகரத்தைப் போலவே இருக்கும். ஒன்று ககரத்தைப் போல, ஏழு எகரத்தைப் போல, எட்டு அகரத்தைப் போல. வரியின் இறுதியில் தனியாக நின்ற ௨ என்ற குறியைப் பார்த்து, எங்களில் இளையவன் "ஜெபப் பாட்டில் பிள்ளையார் சுழியா?" என்று கேட்டான். வேடிக்கை அதோடு முடியவில்லை. சரண எண்ணாகிய ௧ என்பதை எழுத்தாகக் கருதி, அடுத்த சொல்லோடு ஒட்டித் தட்டச்சு செய்துவிட்ட இடங்கள் பின்னால் ஒன்றொன்றாகக் கிடைத்தன. அப்படிப் பிறந்த சில சொற்கள் பழந்தமிழ்ச் சொற்கள்போலவே தோன்றியதால், ஒன்றுக்கு அகராதியில்கூடத் தேடினோம்.

வரியை முழுமையாக்குவது என்றால் மடிப்பை விரிப்பது மட்டுமன்று, உடைந்ததைச் சேர்ப்பதும்தான். நோட்டின் அகலம் போதாத இடங்களில் தாத்தா மிஞ்சிய சொற்களை அடுத்த வரியின் ஓரத்தில் ஒரு பகர அடைப்புப் போட்டு எழுதியிருப்பார். எது புதிய வரி, எது பழைய வரியின் வால் என்பது குழப்பும். இங்கே எதுகை கைகொடுத்தது. எண்ணெய், கண்ணும், முற்றம், சுற்றிலும், தட்டிய, எட்டி. இரண்டாம் எழுத்து ஒன்றிவருகிற சொல்லில்தான் வரி தொடங்குகிறது. அதற்கு முன் உள்ளவை எல்லாம் முந்தைய வரிக்கு உரியவை. கீர்த்தனை எழுதியவர்கள் பெரும்பாலும் எதுகையை விடுவதில்லை என்பதால் இது நம்பத்தக்க சோதனைதான். பாமாலையில் இதை நம்பக் கூடாது. அங்கே பிறமொழி மெட்டின் அசைக்கணக்கு ஆட்சி செய்கிறது. இயைபு வரியின் கடைசியில் இருக்கும்.

கோடுகளையும் சொல்ல வேண்டும். பல்லவியின் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அது மூச்சுக்கும் மெட்டுக்குமான இடைவெளி. சரணத்தின் முடிவில் ஒரு கோடு, அது நுழைவாயில். எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு. அது வெறும் அலங்காரம். தாத்தாவின் கையில் முதலாவது குட்டையாகவும் இரண்டாவது நீண்டும் இருந்தன. கணினியில் மூன்றையும் ஒரே விசையால் அடித்துவிட்டோம். அதன் பிறகுதான் தேடி மாற்றும் வேலையைச் செய்தோம். பல்லவியின் நடுக்கோட்டிலும் பல்லவி வந்து ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

இரண்டாம் முறை நாங்கள் கைக்கொண்ட வழி இதுதான். முதலில் நோட்டில் உள்ளதை உள்ளபடியே, கோடும் எண்ணும் ஒற்றும் மாறாமல் ஒரு படி எடுத்தோம். அதில் எதையும் திருத்துவதில்லை என்று முடிவு. பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகவரி கொடுத்தோம். இரண்டாம் சரணத்தின் முதல் வரி 2.1, அடுத்தது 2.2. பல்லவியை மட்டும் வரியாக விடாமல், எந்தெந்தச் சொல்லில் நுழைய வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டினோம். எங்கள் எடுத்துக்காட்டில் "இன்று" என்பது ப1, "விளக்கேற்ற வாரும்" ப2, "எங்கள் வீட்டில்" ப3. இனி விரித்த படியில் முதற் சரணம் 1.1, 1.1, 1.2, ப2, ப3 என்று ஓடும். இரண்டாம் சரணம் 2.1, 2.1, 2.2, ப3, ப1, ப2. மூன்றாவது 3.1, 3.1, 3.2, ப1, ப2, ப3. அத்தைக்கான தாளில் முகவரிகள் இல்லை. வரிகள் மட்டும், ஒவ்வொன்றும் முழுதாக, திரும்பப் பாட வேண்டியது இருமுறை எழுதப்பட்டு, சரண எண் தலைப்பில் தனியாக நிற்கும். எங்கள் படியில் மட்டும் ஓரத்தில் முகவரி இருக்கும்.

நோட்டில் குறி இல்லாமல் நாங்களாகக் கொண்ட மீள்வரிக்கு ஓர் உடுக்குறி இட்டோம். இரண்டாம், மூன்றாம் சரணங்களின் முதல் வரி இரண்டாம் முறை வரும்போது அந்தக் குறி அதன்மேல் இருக்கும். தாத்தா சொன்னது எது, நாங்கள் சேர்த்தது எது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

முகவரியின் பயன் சரிபார்க்கும்போது தெரிந்தது. விரித்ததை மீண்டும் மடித்துப் பார்க்கலாம். அடுத்தடுத்து ஒரே முகவரி வந்தால் ஒன்றாக்கி "2" போடுவது. சரணத்துக்குப் பின் பல்லவித் துண்டு வந்தால் அதன் முதற்சொல்லை மட்டும் கோட்டுக்குப் பின்னால் நிறுத்துவது. உடுக்குறி இட்டவற்றை நீக்குவது. இப்படி மடித்தால் கிடைப்பது முதலில் எடுத்த படியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் எங்கோ நாங்கள் கை வைத்திருக்கிறோம். பழைய நாற்பது பாடல்களை இப்படி மடித்துப் பார்த்தபோது பதினொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு பாட்டில் ஒரு சரணமே காணாமல் போயிருந்தது. முதற்சொல் ஒன்றுபோல் இருந்ததால் இரண்டு சரணங்களுக்கிடையே கண் தாவியிருக்கிறது. சரண எண் அப்போதும் வரிசையாகவே இருந்தது. நாங்கள் எண்களைக் கணினியிடம் விட்டிருந்தோம். அது இருப்பதை எண்ணியதே தவிர, இல்லாததைச் சொல்லவில்லை.

எண்ணைப் பற்றி அத்தைக்குக் கண்டிப்பு உண்டு. கூட்டங்களில் "ஒன்று, மூன்று, ஐந்து மட்டும் பாடுவோம்" என்று சொல்வது வழக்கம். நேரம் போதாதபோது எல்லாரும் செய்வதுதான். விரித்து எழுதும்போது சரண எண் வரிகளுக்குள் கரைந்துவிட்டால் அந்த அழைப்புக்கு யாரும் இணங்க முடியாது. அதைவிட, எண் மாறிவிட்டால் பழைய புத்தகம் வைத்திருப்பவர் ஒரு சரணத்தையும் எங்கள் தாளை வைத்திருப்பவர் வேறொரு சரணத்தையும் பாடுவார்கள். ஆகவே, நோட்டில் தாத்தா வேண்டுமென்றே விட்டிருந்த எண்களையும் நாங்கள் நிரப்பவில்லை. ஒரு பாட்டில் 3-க்குப் பிறகு 5 வருகிறது. நாலாவது சரணம் எங்கே என்று அத்தையிடம் கேட்டோம். "அப்பாவுக்கு அது பிடிக்காது" என்றார். வேறு விளக்கம் கிடைக்கவில்லை. தாளில் இப்போதும் 3-க்குப் பிறகு 5-தான்.

அத்தையோடு உட்கார்ந்து முடித்த பாடல்கள் 71. அவர் 2019-இல் காலமானார். மீதி 25 பாடல்களை, இதுவரை சொன்ன சோதனைகளைக் கொண்டு நாங்களே முடிக்க முயன்றோம். எதுகையும் தாளமும் ஒற்றும் பெரும்பாலானவற்றுக்குப் போதுமானவையாக இருந்தன. ஐயமுள்ள இடங்களில் விரிக்காமல், தாத்தா எழுதியபடியே எண்ணையும் கோட்டையும் விட்டுவிட்டோம். பெரிய எழுத்துத் தாளில் அவை சற்று அந்நியமாகத் தெரிகின்றன. வீட்டில் சிலர் அதையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிடலாமே என்கிறார்கள்.

83-ஆவது பாட்டு இருக்கும் பக்கத்தின் வலது ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. மூன்றாம் சரணத்தின் கடைசி வரியில் கோடு பாதி இருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த சொல் இல்லை. வரியின் இறுதியில் "த்" என்ற ஒற்று மட்டும் தெளிவாக இருக்கிறது. பல்லவியில் தகர வரிசையில் தொடங்கும் சொற்கள் இரண்டு இருக்கின்றன. எதில் நுழைந்தாலும் வாக்கியம் முடிகிறது, எதில் நுழைந்தாலும் தாளம் சேர்கிறது, பொருள் மட்டும் சற்று வேறுபடுகிறது. அந்தப் பாட்டை அத்தை பாடி நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். எங்கள் மூவருக்கும் மெட்டு நினைவிருக்கிறது. அந்த இடத்தில் அவர் எந்தச் சொல்லை எடுத்தார் என்பது நினைவில்லை. எங்கள் படியில் அந்த வரி "த்" என்று முடிந்து, ஒரு கோட்டோடு நிற்கிறது.